‘பார்க்க முடியாத இடங்கள்: இல்லை’

“11 ஜூன் 2024, செவ்வாய். காலை 10.40. ராயபுரம். தரைத்தளம், ஒரே அறை, பின்னால் சமையல் மூலை. மேற்குச் சுவர் முழுக்க ஈரம். பினாயில் வாசனை. ஊசி மீட்டர் எங்கே வைத்தாலும் ஏறுகிறது. கேமராவில் சுவர் ஒரே நீலம். உத்தரம் தட்டியதில் கெட்டி. மண்குழாய் இல்லை. கறையான் நடமாட்டம் இல்லை. 11.25 முடிவு.”

என் நோட்டில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதியிருக்கிறேன். பூச்சி மருந்து கம்பெனி ஒன்றில் கட்டடங்களைச் சோதித்து அறிக்கை எழுதுவது என் வேலை. கம்பெனிக்குக் கொடுக்கும் அறிக்கை தனி. இந்த நோட்டு எனக்காக வைத்துக்கொள்வது. போன இடம், நேரம், வெயிலா மழையா, சுவரின் நிறம், யார் கதவைத் திறந்தார்கள் என்பது வரை எழுதுவேன். வியாசர்பாடியில் என் வீட்டு அலமாரியில் இப்படிப் பல வருஷத்து நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன. என்னோடு வேலைக்கு வரும் கூட்டாளி, துளை போட்டு மருந்து ஏற்றுகிறவன், இதைப் பார்த்துச் சிரிப்பான். “மாமு, ஊர்ல கீற கறையான எல்லாம் நாம பாக்குறோம். உன் நோட்டுல பூந்தா எவன் வந்து பாப்பான்?” என்பான்.

நோட்டில் தவறான தகவல் எதுவும் இல்லை. அன்றைக்குக் கண்ணில் பட்டது எல்லாம் அதில் இருக்கிறது. நான் செய்த தவறு வேறு இடத்தில் இருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

அந்த அறையில் குடியிருந்தவர் காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா. ஐம்பது வயதுக்கு மேல். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். அந்த அறையிலிருந்து துறைமுகம் நடந்து போகிற தூரம். விடியும் முன் ஏலத்துக்குப் போய், எடுத்த மீனைத் தெருக்கோடியில் வைத்து விற்று, மத்தியானம் வந்து படுப்பார். அப்படிப் படுத்திருந்தபோதுதான் சுவருக்குள் சத்தம் கேட்டிருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் இரண்டு தெரு தள்ளி இரும்புக் கடை வைத்திருப்பவர். அவர்தான் எங்களைக் கூப்பிட்டார்.

“கறையான் இருந்தா சொல்லுங்க சார், மருந்து போட்டுடலாம். எங்க அப்பா காலத்துலேர்ந்து இருக்காங்க. அவங்கள அலைய விட முடியாது” என்று போனில் சொன்னார். அந்த வாக்கியத்தையும் எழுதி வைத்திருக்கிறேன். ஜூன் 8, சனி. பின்னால் அவர் பேசியதோடு ஒப்பிட உதவியது.

மறுநாள் நேரம் கேட்க அக்காவுக்கே போன் செய்தேன். அவர், “சத்தம்தான் தம்பி வருது. மொறு மொறுன்னு அப்பளம் துன்றா மாதிரி. நீ வந்தாலும் காதுல வுழுமோ இன்னாவோ” என்றார்.

“காது வேணாம்க்கா. எங்ககிட்ட கேமரா இருக்கு. சுவத்துக்குள்ள இருக்கறத அப்படியே காட்டிடும்” என்றேன்.

அது உண்மையில்லை. எனக்கு அது உண்மையில்லை என்று தெரியும். வெப்பக் கேமரா சுவருக்குள் எதையும் பார்ப்பதில்லை. சுவரின் மேல்பரப்பு எங்கே சூடு, எங்கே குளிர்ச்சி என்பதை மட்டும் நிறமாகக் காட்டும். உள்ளே கறையான் கூட்டமாகக் குடியிருந்தால் அந்த உடம்புச் சூடும் அவை கொண்டுவரும் ஈரமும் சேர்ந்து, மேல்பரப்பில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். தெரியாமலும் போகலாம். வெயில் பட்ட சுவர், பக்கத்தில் எரிந்த அடுப்பு, ஓடுகிற மின்விசிறி, எல்லாமே அந்தப் படத்தைக் கெடுக்கும். இதையெல்லாம் புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்கிறவன் நான். ஆனால் வாடிக்கையாளரிடம் பேசும்போது கம்பெனி நோட்டீசில் போட்டிருப்பதைத்தான் சொல்வோம். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

அந்த வாரம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் சில நாள் இருந்தது. ஏலம் மந்தம். அக்கா வீட்டில்தான் இருந்தார். நாங்கள் போனபோது அறை பளிச்சென்று இருந்தது. தரை காயவில்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

“யக்கா, செவுரு இன்னா குளிச்சிகினு கீது?” என்று கூட்டாளி கேட்டான்.

“கடலாண்ட கீற வூடு தம்பி. உப்பு. எப்பவும் அழுதுகினுதான் இருக்கும்” என்றார் அக்கா.

அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று. உப்பு ஏறிய பழைய சுவரைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். எங்கள் மீட்டரில் இரண்டு ஊசி இருக்கும். அதைச் சுவரில் அழுத்தினால் ஊசிகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து எண் காட்டும். ஈரம் இருந்தால் எளிதாகப் பாயும். உப்பு இருந்தாலும் பாயும். அதனால் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துச் சுவர்களில் மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. ஒரே சுவரில் ஓர் இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்க வேண்டும். அன்றைக்கு வித்தியாசமே இல்லை. எங்கே வைத்தாலும் உயரம். உப்பு என்று முடிவு செய்தேன். கேமராவில் சுவர் முழுக்க நீலம். ஈரம் உலரும்போது குளிரும், அதனால் நீலம் என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்தது. இரண்டு கருவியும் ஒன்றையே சொல்கின்றன என்று கூட்டாளியிடம் பெருமையாகவே சொன்னேன்.

மூக்கில் பினாயில் ஏறியது. அதையும் நோட்டில் எழுதினேன். ஏன் சுவரிலிருந்து பினாயில் வாசனை வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

பழைய வீடு அது. மேலே தேக்கு உத்தரங்கள் வரிசையாகப் போய் இரண்டு பக்கச் சுவருக்குள்ளும் புதைந்திருக்கும். அவற்றின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். இப்படிப்பட்ட வீட்டில் கறையான் தேடுகிறவன் முதலில் பார்க்க வேண்டியது உத்தரத்தின் முனை. மரம் சுவருக்குள் நுழைகிற இடம். ஈரமும் இருட்டும் அங்கேதான் சேரும். மண்ணிலிருந்து சுவர் விரிசல் வழியாக ஏறி வரும் கறையான் அங்கேதான் மரத்தைத் தொடும். நடு உத்தரத்தைத் தட்டினால் கெட்டியாகக் கேட்கும். ஒரு முழம் தள்ளி முனையில், வெளித்தோலை மட்டும் விட்டு உள்ளே காலியாகியிருக்கும்.

மேற்குச் சுவரை ஒட்டி ஒரு லாஃப்ட். அதில் அலுமினியக் கூடைகள், மகளின் சீர்ப் பாத்திரம், பழைய துணி மூட்டைகள், ஒரு ஐஸ் பெட்டி, கூரை வரை அடைத்திருந்தது. இரண்டு உத்தரங்களின் முனை அதற்குப் பின்னால். கூட்டாளி ஸ்டூலில் ஏறி நின்று, “மாமு, இத்த எறக்கணுமா?” என்றான்.

“எறக்குனா ஒரு மணி நேரம் ஆவும் நைனா. ஏத்த இன்னொரு மணி. இடுப்பு போயிடும்” என்றார் அக்கா.

எனக்குப் பன்னிரண்டு மணிக்கு எண்ணூரில் ஒரு குடோன். “வேணாம் விடு, கேமரால தெரியாததா” என்றேன். எட்டுகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டினேன். கெட்டி. கதவு நிலையைத் தட்டினேன். கெட்டி. கிளம்பினோம்.

கம்பெனி அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ‘பார்க்க முடியாத இடங்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. அலமாரிக்குப் பின்னால், பொய்க்கூரைக்கு மேலே என்று எழுதுவதற்கு. அதில் ‘இல்லை’ என்று எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை. பழக்கத்தில் கை எழுதியது. சுவரின் நிறத்தைக்கூடக் குறித்துவைக்கிறவன், என் சொந்த நோட்டிலும் அந்த லாஃப்டைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

வீட்டுக்காரர் அறிக்கையை வாங்கிக்கொண்டார். கறையான் இல்லை என்றால் மருந்தும் இல்லை. அதோடு முடிந்தது.

டிசம்பர் மழையில் அந்த அறையில் கூரைத் துண்டு ஒன்று விழுந்தது. அக்கா மார்க்கெட்டில் இருந்தார். சுண்ணாம்பும் இரண்டு செங்கலும் அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தனவாம். வீட்டுக்காரர் மறுபடி எங்களைக் கூப்பிட்டார். இந்த முறை அவர் குரலில் அப்பா காலம் இல்லை. “ஈரமா கறையானான்னு எனக்கு எழுத்துல வேணும் சார். நாளைக்கு அந்தம்மா தலைல விழுந்தா நான்தான் கோர்ட்டுக்கு அலையணும்.”

மழை விட்டுச் சுவர் கொஞ்சம் உலரட்டும் என்று காத்திருந்து, 9 ஜனவரி 2025, வியாழன், காலை 6.15க்குப் போனோம். முந்தின நாளே அக்காவிடம் சொல்லியிருந்தேன். அடுப்பு பற்றவைக்கக் கூடாது, மின்விசிறி போடக் கூடாது, சுவரில் கை வைக்கக் கூடாது, லாஃப்ட் காலியாக இருக்க வேண்டும். எல்லாம் செய்திருந்தார். பாத்திரங்கள் வாசலில் அடுக்கியிருந்தன.

“இன்னைக்கு ஏலத்துக்குப் போவல. சீக்கிரம் பாரு” என்றார்.

மார்கழிக் காலையில் சுவர் ஒரே சீராகக் குளிர்ந்திருந்தது. கேமராவைத் திருப்பியதும் படம் தெளிவாக வந்தது. கதவு நிலையின் அடியிலிருந்து மெல்லிய கோடு ஒன்று, சுற்றியிருந்த சுவரைவிடக் கொஞ்சமே கொஞ்சம் சூடாக, வளைந்து வளைந்து மேலே ஏறியது. லாஃப்டுக்கு மேலே உத்தர முனையைச் சுற்றிச் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு மஞ்சள் திட்டு. சாக்பீஸால் ஓரம் வரைந்தேன். கேமராவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. மீட்டரை எடுத்தேன். திட்டுக்குள் எண் ஏறியது. ஒரு சாண் தள்ளி வைத்தால் இறங்கியது. மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. உப்பு இப்படி வட்டம் போட்டு நிற்காது. பிறகு தட்டினேன். திட்டுக்கு வெளியே சுவர் டக் டக் என்றது. உள்ளே காலி டப்பாவைத் தட்டுவதுபோல. உத்தர முனையில் தட்டியபோது அட்டைப் பெட்டியின் சத்தம்.

கூட்டாளி ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பூச்சைப் பெயர்த்தான். உள்ளே ஈரமான பழுப்பு மண். அதில் வெள்ளை வெள்ளையாக ஊர்ந்தன. ஸ்க்ரூடிரைவரை உத்தர முனையில் வைத்து அழுத்தினேன். வேகமே தேவைப்படவில்லை. கைப்பிடி வரை போயிற்று.

 

“இன்னா தம்பி, கீதா?” என்று கீழேயிருந்து அக்கா கேட்டார்.

“இருக்குக்கா.”

“அப்ப வைகாசி மாசம் வந்தப்ப இல்லன்ன?”

நான் இறங்கி வந்தேன். “அன்னைக்கு சுவத்துல மண்ணு கோடு மாதிரி எதுவும் இல்லியேக்கா” என்றேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அந்த நிமிஷத்திலும் பழியை இறக்கி வைக்க இடம் தேடியிருக்கிறேன்.

“இருந்துச்சி. நெலையாண்டேர்ந்து மேல வரைக்கும் கயிறு மாதிரி போய்கினு இருந்துச்சி. நீ வர்றன்னதும் நான்தான் கத்தி வெச்சி சொரண்டுனேன். பினாயில் ஊத்தி நாலு பக்கெட்டு தண்ணி அடிச்சேன். ரெண்டு நாளு கழுவுனேன்.”

“ஏன்க்கா?”

“ஏன்னா? மீன்காரி வூடு கலீஜுன்னு எழுதிட்டுப் போறதுக்கா? ஆபீசருங்க எவன் வந்தாலும் மூக்கப் பொத்திகினேதான் உள்ள வர்றான். நீதான போன்ல சொன்ன, மிசினு செவுத்துக்குள்ள கீறத காட்டும்னு. உள்ள கீறத அது பாத்துக்கும், வெளிய கீற அசிங்கத்த நாம ஏன் காட்டணும்னு தொடச்சேன்.”

சோதனைக்கு ஆள் வரும்வரை கறையான் சுவரில் கட்டிக்கொண்டு ஏறும் மண்குழாயைத் தொடக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் விதி. குழாயை உடைத்தால் கறையான் உள்வாங்கிக்கொள்ளும். பிறகு வேறு வழியில் வரும். சுவரை நனைத்தால் மீட்டரும் கேமராவும் சேர்ந்தே குருடாகும். நான் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான்: கழுவாதீர்கள். அதைச் சொல்லாமல் கேமராவைப் பற்றிப் பெருமை அடித்திருந்தேன். அவர் நான் சொன்னதை நம்பி நடந்துகொண்டார். அறையில் இருந்த மூன்று பேரில் சரியாக யோசித்தவர் அவர் ஒருவர்தான்.

“சரி, உட்டுத் தள்ளு” என்றார் அக்கா. “அப்ப இல்லன்னு எழுதுனல்ல? இப்பவும் அத்தயே எழுது. இருந்துச்சின்னு எழுதுனா என்ன வெளிய அனுப்பிடுவாரு. எனுக்கு காசிமேட்ட வுட்டா பொழப்பு இல்ல.”

“உத்தரம் விழுந்துடும்க்கா.”

“வுழுந்தா எம்மேலதான வுழும். உனுக்கின்னா?”

கூட்டாளி என் கையைத் தொட்டான். “மாமு, தூண் ஒண்ணு நிக்க வெச்சா தாங்கும்னு எழுது. அத்தயும் சேத்து எழுது” என்றான்.

அப்படித்தான் எழுதினேன். கறையான் உயிரோடு இருக்கிறது. மேற்குச் சுவரில் இரண்டு உத்தரங்களில் ஒன்றின் முனை தாங்கும் வலுவை இழந்துவிட்டது. மற்றது தட்டியவரையில் கெட்டி. உடனே அடியில் இரும்புத் தூண் கொடுத்து, கதவு நிலை ஓரமும் சுவர் அடியும் துளையிட்டு மருந்து ஏற்றி, பிறகு பொறியாளரைக் காட்டி உத்தரத்தை மாற்றலாம். குடியிருப்பவர் வேலை நடக்கும் நாட்களுக்கு மட்டும் விலகியிருந்தால் போதும் என்று தனி வரியாக எழுதினேன்.

வீட்டுக்காரர் அந்தத் தனி வரிக்கு வரவே இல்லை. இரும்புக் கடையில் என் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “ஜூன்ல நீங்களே இல்லன்னு எழுதியிருக்கீங்க. பாக்காத இடமே இல்லன்னும் எழுதியிருக்கீங்க. ஆறு மாசத்துல உத்தரத்தையே தின்னுடுச்சுன்னா என்ன அர்த்தம்? தண்ணிய ஊத்தி ஊத்தி இவங்களே வளத்திருக்காங்க. பக்கெட் பக்கெட்டா சுவத்துல ஊத்துனத பக்கத்து வீட்டுல பாத்திருக்காங்க.”

“ஆறு மாசத்துல அந்த அளவுக்கு ஆகாது சார். ஜூன்லயே இருந்திருக்கணும். நான் லாஃப்ட எறக்கிப் பாக்கல” என்றேன்.

“அத எழுதிக் குடுங்க.”

எழுதிக் கொடுத்தேன். ஜனவரி 13, திங்கள், போகி அன்று. ‘முதல் சோதனையில் லாஃப்டுக்குப் பின்னாலுள்ள உத்தர முனைகளை நான் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதியது என் தவறு. குடியிருப்பவர் காரணமல்ல.’ கம்பெனி அந்தக் கடிதத்தைத் தன் தாளில் அடிக்கச் சம்மதிக்கவில்லை. மேலாளர் அதைப் படித்துவிட்டு, “ஒரு கட்டத்துல ‘இல்லை’ன்னு போட்டதுக்கு இவ்ளோ இலக்கியம் தேவையா?” என்று கேட்டார். வெள்ளைத் தாளில் கையால் எழுதிக் கொண்டுபோனேன். வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சீல் இல்லியே சார்” என்றார். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை. அச்சடித்த இரண்டு அறிக்கையும்தான் அக்காவைக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரர் தெருப் பெரியவர்களை வைத்துப் பேசியபோது மேசைமேல் இருந்தன என்று கூட்டாளி சொன்னான். முதல் அறிக்கை நான் செய்த தப்பு. அதுவே அக்காவுக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று.

தை முடிவதற்குள் அக்கா அறையைக் காலி செய்தார். கொடுங்கையூர்ப் பக்கம் மகள் வீட்டுக்கு அருகே ஓர் அறை. குப்பைமேட்டுப் புகை வருகிற திசை. விடியும் முன் அங்கிருந்து காசிமேட்டுக்கு ஷேர் ஆட்டோ கிடைக்காது. மற்றவர்களோடு வேனில் வர வேண்டும். வேன் தாமதமானால் ஏலத்தில் மிஞ்சியதுதான் கிடைக்கும்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, மீன் வாங்கப் போனவன் அவரைப் பார்த்தேன். அவர் முன்பு கூடை வைத்திருந்த தெருக்கோடி இடத்தில் வேறொருவர் இருந்தார். அக்கா வரிசையின் கடைசியில், வெயிலில். எதிரே நின்றேன்.

“இன்னா, மீனத் தட்டிப் பாக்கப் போறியா?” என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“எப்படி இருக்கீங்கக்கா?”

“கீறேன். வாங்கறதுன்னா வாங்கு, இல்லன்னா நவுந்து நில்லு. மீன மறைக்கிற. நீ நிக்கிறதால மட்டும் எனுக்கு நெழலு ஒண்ணும் வரல.”

சங்கரா அரைக் கிலோ வாங்கினேன். வெட்டித் தரட்டுமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கூட்டாளி வழியாக ஒரு செய்தி வந்தது. அந்த அறை இப்போது ஐஸ் பெட்டிகள் அடுக்கும் குடோனாம். வேலைக்கு ஆட்கள் நாள் முழுக்க உள்ளேதான் இருக்கிறார்களாம். உத்தரத்தை மாற்றிவிட்டதாக வீட்டுக்காரர் சொல்கிறார். பெட்டி ஏற்றி இறக்கும் மீன்பாடி வண்டிக்காரர் சொல்வது வேறு. பழைய உத்தரம் அப்படியே இருக்கிறது, அடியில் ஓர் இரும்புத் தூணை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள் என்கிறார். அது உண்மையானால் அக்கா அந்த அறையை விட்டுப் போயிருக்கவே வேண்டாம். இரண்டு முறை அந்தத் தெரு வழியாகப் போனேன். இரண்டு முறையும் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போகவில்லை. தூண் இருக்கிறதா, உத்தரம் மாற்றப்பட்டதா என்பதை நான் பார்க்கவில்லை. இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.